சமையல் குறிப்பு, கேள்வி-பதில், செய்முறை: எந்தப் பக்கத்துக்கு ஸ்கீமா எழுதுவது?

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்களில், தீபாவளிக்கு முன்னால் பலகாரம் செய்து விற்கும் பெண்கள் பலர் உண்டு. அவர்களில் ஓர் அக்கா தமது சமையல் குறிப்புகளைச் சில ஆண்டுகளாக இணையத்தளத்தில் எழுதி வருகிறார். அச்சகமும் கணினி வேலையும் சேர்ந்த என் கடைக்குச் சென்ற மாதம் ஒரு விலைப்பட்டியலுடன் வந்தார். தளங்களைத் தேடலில் முன்னேற்றித் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம், அவருடைய தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் ஸ்கீமா குறியீடு போட 600 வெள்ளி கேட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் கேள்வி-பதில் பக்கங்களுக்கும் செய்முறைப் பக்கங்களுக்கும் உரிய கட்டணம். "தம்பி, மூன்றுக்கும் போடணுமா, ஒன்றுக்குப் போட்டால் போதுமா?" என்று கேட்டார். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தேடல் முடிவுகளில் வெறும் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் வராமல், பலகாரத்தின் படம், ஆகும் நேரம், நட்சத்திர மதிப்பீடு ஆகியவற்றோடு ஒரு பக்கம் காட்டப்படுவதைத்தான் ரிச் ரிசல்ட் என்கிறார்கள். அந்த விவரங்களைக் கூகுள் ஊகித்துக்கொள்ளாமல் நேரடியாகப் படித்துக்கொள்ளும்படி பக்கத்துக்குள் எழுதி வைக்கும் குறியீடுதான் ஸ்கீமா. இதற்கான சொற்பட்டியலைக் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து 2011இல் `schema.org` என்ற பெயரில் வெளியிட்டன. அந்தப் பட்டியலில் ஒரு வகை இருக்கிறது என்பதும், அந்த வகைக்குக் கூகுள் இன்று ரிச் ரிசல்ட் தருகிறது என்பதும் ஒன்றல்ல. அக்காவின் விலைப்பட்டியலில் இருந்த குழப்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்கியது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வகைக்கு இன்று தேடலில் உண்மையாகவே ஏதாவது காட்டப்படுகிறதா என்பது. இரண்டாவது, குறியீட்டில் எழுதுவதெல்லாம் பக்கத்தைப் படிப்பவரின் கண்ணுக்கும் தெரிகிறதா என்பது; தெரியாததைக் குறியீட்டில் மட்டும் எழுதுவது கூகுளின் விதிகளுக்கு மாறானது. மூன்றாவது, எழுதிய பிறகு அதைப் பராமரிக்க ஆகும் உழைப்பு. விலையோ அளவோ மாறும்போது பக்கத்தையும் குறியீட்டையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருக்கும் என்பதை விலைப்பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கடைசியாக, தவறாகப் போட்டால் என்ன இழப்பு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

| | சமையல் குறிப்பு `Recipe` | கேள்வி-பதில் `FAQPage` | செய்முறை `HowTo` |
|---|---|---|---|
| இன்று தேடலில் காட்டப்படுகிறதா? | படம், நேரம், மதிப்பீட்டுடன் காட்டப்படலாம் | சாதாரண வணிகத் தளத்துக்கும் வலைப்பூவுக்கும் இல்லை | 2023 செப்டம்பரிலிருந்து யாருக்கும் இல்லை |
| கட்டாயம் தேவைப்படுவது | பெயர், படம் | கேள்வியும் முழுப் பதிலும் | பொருந்தாது |
| மறைந்திருக்கும் செலவு | நல்ல படம், குறிப்புக்கு ஒரு தனிப் பக்கம் | விலையும் நாளும் மாறும்போது இரட்டைத் திருத்தம் | பயனில்லாத எழுத்து வேலை |
| யாருக்கு ஏற்றது? | ஒரு குறிப்பிட்ட உணவைச் செய்யச் சொல்லித்தரும் பக்கம் | 2023இல் நன்கறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது | இதற்குப் பதிலாகக் காணொளி |

## சமையல் குறிப்பு

மூன்றில் உழைப்புக்குப் பலன் தரக்கூடியது இது ஒன்றுதான் என்பதால், அக்காவின் அச்சு முறுக்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்த்தோம். அவருடைய அளவு: அரிசி மாவு 300 கிராம், மைதா 100 கிராம், சீனி 200 கிராம், முட்டை 3, கெட்டியான தேங்காய்ப்பால் 450 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு. மாவு கரைக்க 20 நிமிடம், ஊற 30 நிமிடம், சுட்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ஏறக்குறைய 60 முறுக்கு வரும்.

```html
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "Recipe",
  "name": "அச்சு முறுக்கு",
  "image": ["https://example.com/achu-murukku.jpg"],
  "prepTime": "PT20M",
  "cookTime": "PT1H",
  "totalTime": "PT1H50M",
  "recipeYield": "60",
  "recipeIngredient": ["அரிசி மாவு 300 கிராம்", "மைதா 100 கிராம்",
    "சீனி 200 கிராம்", "முட்டை 3",
    "தேங்காய்ப்பால் 450 மில்லி", "உப்பு 1 சிட்டிகை"],
  "recipeInstructions": [
    {"@type": "HowToStep", "text": "மாவைக் கட்டியில்லாமல் கரைக்கவும்."},
    {"@type": "HowToStep", "text": "30 நிமிடம் ஊற வைக்கவும்."},
    {"@type": "HowToStep", "text": "சூடான அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கவும்."}
  ]
}
</script>
```

நேரத்தை எழுதும் முறையில்தான் முதல் தவறு நடக்கிறது. `prepTime` என்ற இடத்தில் அக்கா "20 நிமிடம்" என்று எழுதியிருந்தார். பக்கத்தைப் படிக்கும் மனிதருக்கு அது சரி. ஆனால் குறியீட்டில் `PT20M` என்றுதான் இருக்க வேண்டும். ஒரு மணி 50 நிமிடம் என்பது `PT1H50M`. மாவு ஊறும் 30 நிமிடம் கரைக்கும் நேரத்திலும் சேராது, சுடும் நேரத்திலும் சேராது. அதனால் அது `totalTime` என்ற மொத்தத்தில் மட்டும் சேர்ந்து, 20 நிமிடமும் 60 நிமிடமும் கூடி வரும் 80ஐவிட மொத்தம் 30 நிமிடம் அதிகமாக நிற்கிறது. இது பிழையல்ல. தோசை மாவு புளிப்பது, ஊறுகாய் வெயிலில் காய்வது போன்ற காத்திருப்புகளையும் இப்படியே எழுதலாம்.

இரண்டாவது தவறு மேற்கோள் குறியில் வந்தது. அவர் குறியீட்டை முதலில் வேர்டு கோப்பில் தட்டச்சு செய்து, பிறகு தளத்தில் ஒட்டினார். வேர்டு நேரான மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைந்த குறிகளாக மாற்றிவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் கூகுள் அந்தக் குறியீட்டின் ஒரு வரியைக்கூடப் படிக்காது. கடைசி வரியில் தேவையில்லாத ஒரு காற்புள்ளி எஞ்சியிருந்தாலும் இதே கதிதான். `search.google.com/test/rich-results` என்ற சோதனைப் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால், இத்தகைய பிழை எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும். குறியீட்டை நோட்பேடு போன்ற எளிய எழுதியில் எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

அந்தச் சோதனைப் பக்கம் இரண்டு விதமான அறிவிப்புகளைத் தருகிறது. சிவப்பில் வருவது பிழை. அது இருக்கும்வரை பக்கம் ரிச் ரிசல்ட்டுக்குத் தகுதி பெறாது. மஞ்சளில் வருவது எச்சரிக்கை; எழுதினால் நல்லது, எழுதாவிட்டாலும் தகுதி போகாது என்பதே அதன் பொருள். கட்டாயமானவை பெயரும் படமும் மட்டுமே. அக்காவின் பக்கத்தில் மஞ்சள் அறிவிப்புகள் நிறைய வந்தன. அவற்றில் ஒன்று `aggregateRating`, அதாவது நட்சத்திர மதிப்பீடு, இல்லை என்றது. அதையும் நிரப்பிவிட வேண்டும் என்று எண்ணி, தமக்கு வாட்ஸ்அப்பில் வந்த பாராட்டுகளைக் கணக்கிட்டு 4.9 என்று எழுதத் தயாராக இருந்தார். அதைத் தடுத்தேன்.

மதிப்பீடு என்பது பக்கத்தைப் பயன்படுத்தியவர்கள் நேரடியாகத் தந்ததாக இருக்க வேண்டும். படிப்பவர் கண்ணுக்கும் அது அங்கே தெரிய வேண்டும். பாராட்டு உண்மையானதே என்றாலும், பக்கத்தில் இல்லாத எண்ணைக் குறியீட்டில் எழுதினால் கூகுள் அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதற்குரிய நடவடிக்கை எடுக்கப்பட்டால் சாதாரண தேடல் வரிசையில் பக்கம் இறங்காது; ஆனால் ரிச் ரிசல்ட்டுக்கான தகுதி பறிபோகும். குறியீடு எழுதியதன் நோக்கமே அதுதான் என்னும்போது, இல்லாத நட்சத்திரத்துக்காக அதைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கருத்துரையோடு மதிப்பீடும் தரும் வசதியைப் பக்கத்தில் வைத்து, உண்மையான மதிப்பீடுகள் சேர்ந்த பிறகு அந்த வரியை எழுதலாம் என்று முடிவுசெய்தோம்.

மறைந்திருக்கும் செலவு படத்தில் இருக்கிறது. முறுக்கின் சொந்தப் படமே வேண்டும். கடைப்பெயர் அட்டையோ தீபாவளி வாழ்த்துப் படமோ ஆகாது. சதுரம், நான்குக்கு மூன்று, பதினாறுக்கு ஒன்பது ஆகிய மூன்று வடிவங்களில் ஒரே காட்சியை வெட்டித் தரும்படி கூகுள் பரிந்துரைக்கிறது. ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் ஒரு தட்டு முறுக்கைச் சற்று விலகி நின்று எடுத்தால், மூன்று வடிவத்துக்கும் ஒரே படம் போதும். நெருங்கி எடுத்த படத்தைச் சதுரமாக வெட்டும்போது முறுக்கின் பூ ஓரம் அறுந்துவிடும். இதைச் சொன்னதும் அக்கா தமது பழைய படங்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டார். 40 குறிப்புகளில் உடனே தயாராக இருந்தவை 11 மட்டுமே என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவருடைய தளத்தில் ஒரே பக்கத்தில் முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி மூன்றையும் எழுதிய பழைய பதிவு ஒன்றும் இருந்தது. அத்தகைய பக்கத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுப்பதே நல்லது. பழைய பக்கத்தை அழிக்க வேண்டியதில்லை. அதை மூன்றுக்கும் வழிகாட்டும் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். மேலும், நம் ஊரில் அச்சு முறுக்கைத் தேடும் எல்லாரும் தமிழில் தேடுவதில்லை. மலாயில் இதைக் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர்களைப் பக்கத்தின் முதல் பத்தியிலேயே இயல்பாக எழுதிவிட்டு, பிறகு `keywords` என்ற வரியிலும் சேர்க்கலாம். குறியீட்டில் மட்டும் ஒளித்து வைப்பதைவிட இது படிப்பவருக்கும் உதவும்.

## கேள்வி-பதில்

"நெய் உருண்டை எத்தனை நாள் தாங்கும்?", "ஈப்போவுக்கு அனுப்புவீர்களா?", "ஒரு போத்தல் என்ன விலை?" என்று அக்காவிடம் கேட்கப்படும் கேள்விகளுக்காகத் தனிப் பக்கமே இருக்கிறது. அதற்கு `FAQPage` குறியீடு போட்டால் தேடல் முடிவின் கீழே கேள்விகள் விரிந்து வரும் என்று அந்த நிறுவனத்தின் பட்டியல் சொன்னது. ஒரு காலத்தில் அது உண்மையாகவே நடந்தது. ஆனால் 2023 ஆகஸ்டு 8ஆம் தேதி கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, நன்கறியப்பட்ட, நம்பகமான அரசுத் தளங்களுக்கும் சுகாதாரத் தளங்களுக்கும் மட்டும் என அதைச் சுருக்கிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட விளக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடப்பதால், பலர் பழைய படங்களைக் காட்டிப் பணம் கேட்கிறார்கள். சிலர் அறியாமலேயே கேட்கிறார்கள்.

பலகாரக் கடை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அந்த இரண்டு வகைக்குள் வராது. ஆகவே முதல் அளவுகோலிலேயே இது தோற்கிறது. குறியீட்டைச் சோதனையில் கொடுத்தால் அது செல்லும் என்று வந்துவிடலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எழுத்து முறை சரியாக இருக்கிறது என்பதே அதன் பொருள்; தேடலில் காட்டப்படும் என்பது அதன் பொருள் அல்ல. அந்த முடிவுத் திரையைப் படம்பிடித்து வேலை முடிந்ததற்கான சான்றாகக் கொடுத்தால், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இழப்பும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு போத்தல் 22 வெள்ளி, இந்த ஆண்டு 25 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் விலையைத் திருத்தியவர் குறியீட்டைத் திருத்த மறந்தால் இரண்டும் முரண்படும். பலனே இல்லாத ஒன்றுக்காக இந்தக் கவலையை ஏற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டு வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். பயன்படாத குறியீட்டால் தேடலில் தீங்கு இல்லை என்று கூகுள் சொல்லியிருக்கிறது.

கேள்விகளையே எடுத்துவிடச் சொல்லவில்லை. நெய் உருண்டை எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியையும் அதற்கான பதிலையும் நெய் உருண்டைப் பக்கத்திலேயே, குறிப்பின் கீழே, சாதாரண எழுத்தில் வைப்பது சிறந்தது. தேடி வருபவருக்கு வேண்டிய இடத்தில் பதில் கிடைக்கும். சமையல் குறிப்பின் ரிச் ரிசல்ட்டுக்கும் அதனால் தடையில்லை. மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ தளம் நடத்தும் நண்பர் யாராவது இதைப் படித்தால், அந்த விலக்கு இன்னும் இருக்கிறதா என்று கூகுளின் வழிகாட்டியில் பார்த்துவிட்டு அவர் `FAQPage` பற்றி முடிவுசெய்யலாம்.

## செய்முறை

அக்காவின் தளத்தில் சமையல் அல்லாத செய்முறைகளும் உண்டு. புதிதாக வாங்கிய முறுக்கு அச்சை எண்ணெயில் பழக்குவது எப்படி என்ற பதிவை வாடிக்கையாளர்கள் அடிக்கடி படிக்கிறார்கள். அச்சு பழகாவிட்டால் மாவு ஒட்டிக்கொண்டு எண்ணெயில் கழன்று விழாது என்பதால், முதல் முறை செய்பவருக்கு அது உண்மையிலேயே தேவைப்படும் பதிவு.

இதற்குரிய `HowTo` குறியீடு படிகளைப் படத்தோடு தேடலில் காட்டும் என்று முன்பு இருந்தது. கேள்வி-பதிலைச் சுருக்கிய அதே அறிவிப்பில் கூகுள் இதைக் கைப்பேசியில் நிறுத்தியது. 2023 செப்டம்பர் 13இலிருந்து கணினித் திரையிலும் நிறுத்திவிட்டது. அரசுத் தளம், சுகாதாரத் தளம் என்ற விலக்குகூட இதில் இல்லை. ஆகவே இதற்குப் பணம் கொடுப்பது எந்த நிலையிலும் சரியான தேர்வாகாது.

இங்கே ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்கிறார்கள்: செய்முறைக்கு இடமில்லை என்றால் அதையே `Recipe` என்று குறித்துவிடலாமே என்று. மேலே காட்டிய குறியீட்டில் `HowToStep` என்ற சொல் இருப்பது இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்தச் சொல் சமையல் குறிப்புக்குள் ஒரு படியைக் குறிக்க இன்றும் செல்லும். ஆனால் பக்கம் ஓர் உணவைச் செய்வதைப் பற்றியதாக இருக்க வேண்டும். முகத்துக்குப் பூசும் கலவை போன்றவை உணவின் பெயராகா என்று கூகுளின் வழிகாட்டியே எடுத்துக்காட்டோடு சொல்கிறது. அச்சைப் பழக்குவதும் உணவு அல்ல. மஞ்சளும் கடலை மாவும் சேர்த்து எழுதும் அழகுக் குறிப்புகளுக்கும் இது பொருந்தும்.

அந்தப் பதிவுக்கு நான் பரிந்துரைத்தது யூடியூப் காணொளி. விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகள் எழுதினால் காணொளி பகுதிகளாகப் பிரியும். தேடலிலும் அந்தப் பகுதிகள் முக்கியத் தருணங்களாகக் காட்டப்படலாம். முதல் குறிப்பு `0:00` என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வரிசையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. அக்காவின் காணொளிக்கு இப்படி எழுதினோம்:

```
0:00 புதிய அச்சைக் கழுவுதல்
0:40 எண்ணெயில் காய விடுதல்
2:15 முதல் முறுக்கைச் சோதித்தல்
```

கட்டுரைக்கு நடுவே காணொளியைச் செருகினால் அந்தக் கட்டுரையே காணொளி முடிவாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 2023 டிசம்பரிலிருந்து, காணொளியே முதன்மையாக இருக்கும் பக்கங்களை மட்டும்தான் கூகுள் அப்படிக் காட்டுகிறது. யூடியூப் பக்கம் காட்டப்பட்டு, அதன் விளக்கத்திலிருந்து வாசகர் தளத்துக்கு வருவதுதான் நடைமுறையில் கிடைக்கும் பயன்.

## கையால் எழுதுவதா, பிளகின் வைப்பதா

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்குச் சமையல் குறிப்புக்கென்றே பிளகின்கள், அதாவது தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள், இருக்கின்றன. கட்டங்களில் பொருள்களையும் நேரத்தையும் நிரப்பினால் பக்கத்தில் தெரியும் அட்டையையும் குறியீட்டையும் ஒன்றாகவே அவை உருவாக்குவதால், இரண்டும் முரண்பட வாய்ப்பு குறைவு. மாதத்துக்கு நான்கைந்து குறிப்புகள் எழுதுபவருக்கு அதுவே மேல். ஆனால் குறிப்புகள் அந்தப் பிளகினுக்குள் அடைபட்டுவிடக் கூடும். பிறகு ஒருநாள் அதை நீக்கினால் பக்கத்திலிருந்து குறிப்பே மறைந்துவிடும் வகைகளும் உண்டு. நிறுவுவதற்கு முன் தரவை வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தின் வடிவமைப்பும் தானாக ஒரு குறியீட்டைப் போட்டால் ஒரே குறிப்பு இரண்டு முறை வரும். சோதனைப் பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சமையல் குறிப்புகள் என்று காட்டினால் காரணம் அதுதான்.

அக்கா பிளாக்கரில் எழுதுகிறார். எனவே கையால் எழுதி, பதிவின் எச்டிஎம்எல் பார்வையில் கடைசியாக ஒட்டினோம். ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு மாற்றி எழுதினால் குறிப்பு ஒன்றுக்கு 15 நிமிடம் போதுமாக இருந்தது. சில இலவசத் தளங்கள் இத்தகைய குறியீட்டைச் சேமிக்கும்போதே நீக்கிவிடும் என்பதால், வெளியிட்ட பிறகு பக்கத்தின் மூலத்தைத் திறந்து `ld+json` என்று தேடிப் பார்ப்பது நல்லது. அது அங்கே இல்லையென்றால் மேற்கொண்டு சோதிப்பதில் பயனில்லை.

அக்கா அந்த 600 வெள்ளியைக் கொடுக்கவில்லை. தயாராக இருந்த 11 குறிப்புகளுக்கு நாங்கள் இரண்டு மாலைகளில் குறியீடு எழுதி முடித்து, தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ஒவ்வொரு முகவரியையும் கொடுத்து மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். சில நாள்களில் சமையல் குறிப்புகளுக்கான அறிக்கையில் ஒன்பது பக்கங்கள் சரியானவை என்று வந்தன. இரண்டில் படத்தின் முகவரி தவறாக இருந்தது. தகுதி பெற்ற பக்கத்தையும் கட்டாயம் காட்டுவதாகக் கூகுள் உறுதி தருவதில்லை. அச்சு முறுக்குக்கு இப்போது படத்தோடு வருகிறது, நெய் உருண்டைக்கு இன்னும் வரவில்லை. மீதமுள்ள 29 குறிப்புகளுக்கும், தீபாவளிப் பலகாரம் சுடும் நாள்களில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.